காஷன் டெபாசிட்டில் எவ்வளவு கழிக்கலாம்?

கல்லூரியில் சேரும்போது கட்டணத்தோடு வாங்கப்படும் காஷன் டெபாசிட் கட்டணம் அல்ல, மாணவரின் பணம். கல்லூரி அதை வைத்திருக்கிறது, அவ்வளவுதான். படிப்பு முடிந்ததும் நிலுவையையும் சேதத்தையும் மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

ஒரு வேதியியல் மாணவி 5,000 ரூபாய் கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வகத்தில் ஒரு பியூரெட்டை உடைத்தார். உடைசல் பதிவேட்டில் அவர் கையெழுத்து இருக்கிறது. விலை 400 ரூபாய். விடுதி அறையில் ஜன்னல் கண்ணாடி உடைந்தது. யார் உடைத்தது என்று தெரியாததால் 900 ரூபாயை மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். இவர் பங்கு 300. ஆக 700 போக, கைக்கு வர வேண்டியது 4,300 ரூபாய்.

சுவரில் சாயம் மங்கியதும் பழைய மின்விசிறி நின்றுபோனதும் இதில் சேராது. அவை புழக்கத்தில் வரும் தேய்மானம். வகுப்பில் எல்லோருக்கும் ஒரே தொகை, பதிவேட்டில் பெயரே இல்லை என்றால் அந்தக் கழிவைக் கேள்வி கேட்டே ஆக வேண்டும். எதற்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

விடுதி அறைக்குள் நுழையும் நாளிலேயே விரிசல், உடைந்த தாழ்ப்பாள் எல்லாவற்றையும் படம் எடுத்து, காப்பாளரிடம் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. கடைசியில் நூலகம், ஆய்வகம், விடுதி மூன்றிலும் நிலுவையில்லை என்று கையெழுத்து வாங்கி, அசல் ரசீதையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றே இதையும் கொடுத்துவிடுங்கள்.