ஐந்து ஞாயிறு வந்த மாதம்

மாதக் கணக்கு முடிந்ததும் முதலாளிகள் முதலில் பார்ப்பது போன மாதத் தொகையைத்தான். தொகை குறைந்திருந்தால் சமையலறையில் ஆளைக் குறைப்பது வரை பேச்சு போய்விடும். அதற்கு முன் காலண்டரை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஒரு நடுத்தர ஓட்டலை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு 40,000 ரூபாய், சனி 30,000, மற்ற நாள்களில் 20,000 வியாபாரம். 2025 ஆகஸ்டில் சனியும் ஞாயிறும் ஐந்தைந்து வந்தன. மற்ற நாள்கள் 21. மொத்தம் 7,70,000 ரூபாய். செப்டம்பரில் சனியும் ஞாயிறும் நான்கு நான்குதான். மற்ற நாள்கள் 22. அதே வேகத்தில் வியாபாரம் நடந்தாலே 7,20,000தான் வரும். ஒரு வாடிக்கையாளர்கூடக் குறையாமல் 50,000 ரூபாய் காணாமல் போகிறது.

ஒரு மாதத்துக்கு 31 நாள், மற்றதற்கு 30 நாள். மொத்தத்தை நாள்களால் வகுத்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் ஆகஸ்டில் நாளுக்குச் சுமார் 24,840, செப்டம்பரில் 24,000. இப்போதும் மூன்று சதவீதத்துக்கு மேல் சரிவு தெரிகிறது. சராசரி என்பது ஞாயிறையும் செவ்வாயையும் ஒன்றாகவே எண்ணுகிறது. கல்லாவில் இரண்டும் ஒன்றல்ல.

எனவே செப்டம்பருக்கு எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்பதை ஆகஸ்டின் கிழமைவாரி சராசரியிலிருந்து கணக்கிட்டு, உண்மையில் வந்த தொகையை அதனுடன் ஒப்பிடுவதே சரி. வந்தது 7,35,000 என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்டுடன் நேராக ஒப்பிட்டால் நாலரை சதவீதச் சரிவு. வரவேண்டிய 7,20,000-உடன் ஒப்பிட்டால் இரண்டு சதவீத உயர்வு. ஆளைக் குறைக்க நினைத்த முதலாளி, வளர்ந்த மாதத்தையே தண்டிக்க இருந்தார்.

போன ஆண்டோடு ஒப்பிடுகிறவர்கள் அதே தேதியை எடுக்காமல் 364 நாள் பின்னால் போகலாம். அது சரியாக 52 வாரம் என்பதால் ஞாயிறுக்கு ஞாயிறே எதிரில் வரும்.

ஆனால் பண்டிகைகள் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. 2023-இல் தீபாவளி நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. ஒரு ஜவுளிக்கடை இந்த இரண்டு அக்டோபர்களை ஒப்பிட்டால் இல்லாத வளர்ச்சி தெரியும். நவம்பர்களை ஒப்பிட்டால் இல்லாத வீழ்ச்சி தெரியும். அங்கே மாதத்தை விட்டுவிட்டு, தீபாவளிக்கு முந்தைய நான்கு வாரங்களை அதே நான்கு வாரங்களோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். அசைவ ஓட்டலுக்குப் புரட்டாசியும் அப்படித்தான். செப்டம்பர் நடுவில் அது தொடங்கிவிடுகிறது.

அடுத்த முறை யாராவது “இந்த மாதம் இத்தனை சதவீதம்” என்று சொன்னால், அதில் எத்தனை ஞாயிறு, எந்தப் பண்டிகை என்று கேளுங்கள்.