கெயினைக் கூட்டினால் துருவங்கள் எங்கே போகும்?

பெரிய டிஷ் ஆன்டெனா ஒன்றைச் செயற்கைக்கோளின் திசைக்குத் திருப்பும் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். ஆன்டெனா நிற்கும் கோணத்துக்கும் அது நிற்க வேண்டிய கோணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு சென்சார் அளக்கிறது. அந்த வித்தியாசத்தை ஒரு எண்ணால் பெருக்கி மோட்டாருக்கு மின்னழுத்தமாகக் கொடுக்கிறார்கள். பெருக்கும் அந்த எண்தான் கெயின். K என்று எழுதுவார்கள். K குறைவாக இருந்தால் ஆன்டெனா மந்தமாக நகரும். கூட்டினால் வேகம் பிடிக்கும். மேலும் கூட்டினால் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். அதற்கும் மேலே போனால் இப்படியும் அப்படியுமாக ஆடிக்கொண்டே இருக்கும். இந்த மாற்றங்கள் எந்தெந்த K-யில் நிகழும் என்பதை ஒரே படத்தில் காட்டுவதுதான் ரூட் லோகஸ். அமெரிக்காவின் நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த வால்டர் எவன்ஸ் 1948-இல் இதை வெளியிட்டார்.

நம் ஆன்டெனாவின் கணக்கு இது என்று வைத்துக்கொள்வோம்:

G(s) = K / (s(s+2)(s+4))

கீழே உள்ள கோவையைப் பூஜ்ஜியமாக்கும் மதிப்புகள் 0, -2, -4. இவைதான் பின்னூட்டம் இல்லாதபோது உள்ள துருவங்கள். பின்னூட்டத்தை இணைத்ததும் துருவங்கள் வேறு இடத்துக்குப் போகின்றன. புதிய இடங்களை இந்தச் சமன்பாடு சொல்லும்:

s³ + 6s² + 8s + K = 0

வரைபடத் தாளில் ஒரு துருவம் இடப்பக்கம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதற்குரிய அசைவு அவ்வளவு சீக்கிரம் அடங்கும். கிடைக்கோட்டிலிருந்து எவ்வளவு மேலேயோ கீழேயோ இருக்கிறதோ, அவ்வளவு வேகமாக ஆடும். நடுச்செங்குத்துக் கோட்டின் மேல் இருந்தால் ஆட்டம் ஓயாது. அதைத் தாண்டி வலப்பக்கம் போனால் ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும்.

எவன்ஸின் விதிகள் எல்லாம் ஒரே நிபந்தனையிலிருந்து பிறந்தவை. தாளில் ஒரு புள்ளியைக் குறித்து, மூன்று துருவங்களிலிருந்தும் அதற்குக் கோடு இழுத்து, கோடுகள் கிடைக்கோட்டோடு செய்யும் கோணங்களைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 180 பாகையாகவோ அதன் ஒற்றைப்படை மடங்காகவோ வந்தால் அந்தப் புள்ளி தடத்தின் மேல் இருக்கிறது. மூன்று கோடுகளின் நீளங்களைப் பெருக்கினால் அங்கே தேவைப்படும் K கிடைத்துவிடும். ஸ்பைருல் என்ற பிளாஸ்டிக் கருவியை எவன்ஸ் உருவாக்கியதும் இதற்காகத்தான். கோணத்தைக் கூட்டவும் நீளத்தைப் பெருக்கவும் அது உதவியது.

இப்போது K-யைப் பூஜ்ஜியத்திலிருந்து மெல்ல ஏற்றுவோம். தடங்கள் 0, -2, -4 ஆகிய இடங்களிலிருந்தே புறப்படும். கிடைக்கோட்டின் மேல் நிற்கும் ஒரு புள்ளிக்கு, அதன் வலப்பக்கத் துருவம் ஒவ்வொன்றும் 180 பாகை தரும். இடப்பக்கத் துருவங்கள் ஒன்றும் தராது. ஆகவே வலப்பக்கம் ஒற்றைப்படை எண்ணிக்கையில் துருவங்கள் உள்ள பகுதிகளில் மட்டுமே தடம் ஓடும். நம் கணக்கில் 0-க்கும் -2-க்கும் நடுவே ஒன்று, -4-க்கு இடப்பக்கம் முழுவதும் ஒன்று. முதல் பகுதியில் இரண்டு துருவங்கள் எதிரெதிராக நடந்துவந்து -0.85-இல் சந்திக்கின்றன. அங்கே K சுமார் 3.1. அதுவரை ஆன்டெனா ஆட்டமில்லாமல் இலக்கை அடையும். K அதைத் தாண்டியதும் இரண்டும் கிடைக்கோட்டை விட்டு ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாகப் பிரிகின்றன. ஆட்டம் தொடங்குவது இங்கேதான்.

பிரிந்தவை எந்தப் பக்கம் சாயும்? வெகுதொலைவிலிருந்து பார்த்தால் மூன்று துருவங்களும் ஒரே இடத்தில் குவிந்ததுபோலத்தான் தெரியும். மூன்று கோணங்களும் சமமாகிவிடுவதால் ஒவ்வொன்றும் 60 பாகை. எனவே தடங்கள் மூன்றின் சராசரியான -2-இலிருந்து 60 பாகைச் சாய்வில் கிளம்பும் நேர்கோடுகளை நெருங்குகின்றன. அந்தக் கோடுகள் வலப்பக்கம் சாய்ந்தவை. K ஏற ஏற ஆபத்து வரும் என்பதை அப்போதே படம் சொல்லிவிடுகிறது.

ஏன் வலப்பக்கம் என்பதற்கு இன்னும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. என் பார்வையில் இந்தப் பாடத்தின் உயிர் அதுதான். மேலே உள்ள சமன்பாட்டில் K கடைசி உறுப்பில் மட்டும் இருக்கிறது. மூலங்களின் கூட்டுத்தொகையைத் தீர்மானிப்பது s² உடன் நிற்கும் 6. அதை K தொடுவதே இல்லை. ஆகவே K என்னவானாலும் மூன்று துருவங்களின் கூட்டுத்தொகை -6 தான். -4-இல் கிளம்பியது இடப்பக்கம் ஓட ஓட, மற்ற இரண்டும் அதே அளவுக்கு வலப்பக்கம் வந்தே ஆக வேண்டும். மூன்றாவது துருவம் -6-ஐ அடையும்போது மற்ற இரண்டும் நடுக்கோட்டின் மேல் 2.83 உயரத்திலும் ஆழத்திலும் நிற்கும். (s+6)(s²+8) என்று பெருக்கிப் பாருங்கள். கடைசி உறுப்பு 48 என்று வரும். ஆன்டெனா ஓயாமல் ஆடத் தொடங்கும் K அதுவே.

அப்படியானால் K-யை 3-இலேயே நிறுத்திவிடலாமே என்று தோன்றும். செயற்கைக்கோள் நகர்ந்துகொண்டிருந்தால் அது சரிப்படாது. அது வினாடிக்கு ஒரு பாகை நகர்கிறது என்றால், இந்த அமைப்பு 8/K பாகை பின்தங்கியே தொடரும். K 3.1-ஆக இருக்கும்போது பின்னடைவு இரண்டரைப் பாகைக்கும் மேல். K-யை 8.3-க்கு உயர்த்தினால் ஒரு பாகைக்குச் சற்றே குறைவு. அப்போது துருவங்கள் -0.67-இல், 1.15 உயரத்திலும் ஆழத்திலும் இருக்கின்றன. மேலே உள்ள புள்ளிக்குக் கோணங்களை அளந்தால் 120, 41, 19, கூட்டினால் 180. நீளங்கள் 1.33, 1.76, 3.53, பெருக்கினால் சுமார் 8.3. மூன்றாவது துருவம் -4.67-இல் இருக்கிறது. ஆன்டெனா இலக்கைச் சுமார் 16 சதவீதம் தாண்டி, ஏறத்தாழ 6 வினாடியில் அடங்கும். கெயினை மட்டும் திருகிப் பெறக்கூடிய நல்ல சமரசம் இது.

இதைவிட மேலாக வேண்டுமென்றால் தடத்தையே வளைக்க வேண்டும். வித்தியாசத்தோடு அது மாறும் வேகத்தையும் சேர்த்து மோட்டாருக்குக் கொடுத்தால், மேல் கோவையில் (s+3) என்ற உறுப்பு வருகிறது. -3-இல் ஒரு சுழி உண்டாகிறது என்பார்கள். தடங்கள் துருவத்தில் தொடங்கிச் சுழியில் முடிபவை. சுழி கிடைக்காதவைதான் முடிவிலிக்கு ஓடுகின்றன. கூட்டுத்தொகை இப்போதும் -6. ஆனால் ஒரு துருவம் -3-ஐ நோக்கிப் போய் அங்கேயே அடங்கிவிடுவதால், மீதி -3-ஐ மற்ற இரண்டும் பங்கிட்டுக்கொண்டு -1.5-இல் செங்குத்தாக ஏறுகின்றன. எந்த K-யிலும் அவை வலப்பக்கம் போவதில்லை. சென்சாரில் வரும் சிறு இரைச்சலும் இதனால் பெருகும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை.

கணினியில் இரண்டே வரியில் இந்தப் படம் வந்துவிடும்:

```
s = tf('s');
rlocus(1/(s*(s+2)*(s+4)))
```

ஆனாலும் படம் காட்டுவது நாம் எழுதிய சமன்பாட்டை மட்டுமே. டிஷ் வளைந்து நெளிவதும் சிக்னல் தாமதமும் அதில் இல்லை. உண்மையான மோட்டாரில் K-யைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஓயாத ஆட்டம் தொடங்கும்போது கடிகாரத்தைப் பாருங்கள். K 48-க்கு அருகே, 2.2 வினாடிக்கு ஒரு முறை ஆடினால் சமன்பாடு சரி. 30-இலேயே வேறு வேகத்தில் ஆடத் தொடங்கினால், நீங்கள் எழுதாமல் விட்ட துருவம் ஒன்றோ ஒரு தாமதமோ அங்கே இருக்கிறது. கெயினை மேலும் திருகாமல் முதலில் அதைத் தேடுங்கள்.