பத்துப் பங்குகள், ஒரே ஆபத்து

பத்துத் துறைகளில் புட் ஆப்ஷன் விற்றவர், ஆபத்தைப் பிரித்துவிட்டதாக நம்புகிறார். சாதாரண நாட்களில் அது சரிதான்; வங்கிப் பங்கு இறங்கினாலும் மருந்துப் பங்கு நிற்கும். ஆனால் 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் சுமார் 13 சதவீதம் சரிந்தபோது எந்தத் துறையும் தப்பவில்லை. பணம் தேவைப்பட்டவர்கள் கையில் இருந்ததையெல்லாம் விற்றார்கள்.

1,000 ரூபாய்ப் பங்குக்கு, 900 ரூபாய் புட்டை 10 ரூபாய்க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். பங்கு 870-க்கு வந்தால் புட்டின் உள்மதிப்பு 30 ரூபாய்தான். ஆனால் பீதியில் எல்லோரும் பாதுகாப்பு தேடுவதால் அது 70-க்கு விலைபோகலாம். பத்து ரூபாய் வரவுக்கு அறுபது ரூபாய் நஷ்டம், பத்துப் பங்குகளிலும் ஒரே நேரத்தில். அப்போதுதான் புரோக்கர் கூடுதல் மார்ஜின் கேட்பார். கட்ட முடியாவிட்டால் அந்த விலையிலேயே புட்டைத் திரும்ப வாங்கிக் கணக்கை முடித்துவிடுவார்.