மாதச் சம்பளமா, வேலைக்கு வேலை பில்லா?

கடைக்கான இணையதளம் தயாராகி, கடைசித் தவணையும் கைமாறிய பிறகு ஃப்ரீலான்சர் கேட்பார்: "மாசம் இவ்வளவுன்னு பேசிக்கலாமா சார், இல்ல வேலை வரும்போது பில் போடட்டுமா?" பெரும்பாலான கடைக்காரர்கள் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். சும்மா போகும் மாதத்துக்கு எதற்குப் பணம்?

2023 மார்ச் அப்படியொரு சும்மா மாதமாகத்தான் தெரிந்தது. வேர்ட்பிரஸ் தளங்களில் பக்கங்களை வடிவமைக்கும் 'எலிமெண்டர் ப்ரோ' என்ற பிளக்இன்னில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. விற்பனைக்கான வூகாமர்ஸும் அதே தளத்தில் இருந்தால், வாடிக்கையாளராகக் கணக்கு திறந்த எவரும் நிர்வாகி உரிமையைக் கைப்பற்றிவிடலாம். மார்ச் 22 அன்று 3.11.7 பதிப்பில் அதை அடைத்தார்கள். மாதம் முடிவதற்குள் தாக்குதல்கள் தொடங்கிவிட்டன.

வேலைக்கு வேலை பில் என்றால் அந்த நாட்களில் தளத்தைக் கவனிப்பது யாருடைய பொறுப்பும் அல்ல. நீங்கள் சொன்னால்தான் அவர் செய்வார். சொல்ல வேண்டும் என்பதே உங்களுக்குத் தெரியாது. தளத்தைத் திறந்தால் வேறெங்கோ போகிறது என்று வாடிக்கையாளர் போன் செய்யும்போதுதான் தெரியவரும்.

அதற்காக மாதச் சம்பளம்தான் லாபம் என்று சொல்லிவிட முடியாது. மணிக்கு 800 ரூபாய், வருடத்துக்கு பத்து மணி நேர வேலை என்று வைத்துக்கொண்டால் 8,000. மாதம் 3,000 என்றால் 36,000. கூடுதலாகப் போகும் 28,000 முழுவதும் கண்காணிப்புக்கான கூலி. தளத்தைச் சுத்தம் செய்ய பதினைந்து மணி நேரம் ஆனாலும் 12,000தான். ஆக, கணக்கைத் திருப்புவது தளம் முடங்கும் நாட்களில் போகும் ஆர்டர்கள். முகவரியும் போன் எண்ணும் மட்டும் உள்ள தளத்துக்கு அந்த இழப்பே இல்லை. பில் முறையே போதும்.

மாதச் சம்பளத்திலும் வெறும் கூடு நிறைய உண்டு. அப்டேட் பொத்தானை அழுத்துவது மட்டும்தான் வேலை என்றால், வேர்ட்பிரஸே அதைத் தானாகச் செய்யும், காசில்லாமல். அப்டேட்டுக்குப் பிறகு சோதனை ஆர்டர் ஒன்று போட்டுப் பார்க்கிறாரா? பேக்கப் வேறு இடத்தில் இருக்கிறதா, அல்லது தளம் இருக்கும் அதே சர்வரிலா? அதிலிருந்து ஒருமுறையாவது தளத்தை மீட்டுப் பார்த்திருக்கிறாரா? கூலி இதற்குத்தான். புதிய பக்கம், ஹோஸ்டிங் கட்டணம், ஹேக் ஆனபின் சுத்தம் செய்வது எல்லாம் பெரும்பாலும் ஒப்பந்தத்துக்கு வெளியேதான் இருக்கும். பயன்படுத்தாத மணி நேரம் அடுத்த மாதத்துக்கு வருமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எலிமெண்டர் ப்ரோ காசு கொடுத்து வாங்கும் பிளக்இன். உரிமம் காலாவதியானால் அப்டேட் வராது, ஓட்டை அடைபடாமலே கிடக்கும். பல தளங்களில் அந்த உரிமம் ஃப்ரீலான்சரின் கணக்கில்தான் இருக்கிறது. எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், கடைசித் தவணைக்கு முன்பே அதை உங்கள் பெயருக்கு மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.