பாஸ் புத்தகம் ஒன்று சொல்ல, காசோலைப் புத்தகம் வேறு சொன்னால்



எண்ணூரில் ஒரு சிறிய பெண்கள் ஐக்கியம் ஏழை நோயாளிகளுக்கென மருத்துவ நிதி ஒன்றை நடத்துகிறது. பொருளாளர் ஓய்வு பெற்ற ஆசிரியை. ஏப்ரல் மாதக் கூட்டத்தில் அவர் கணக்கு வாசித்தபோது ஒரு சகோதரி பாஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், மார்ச் 31 அன்று வங்கியில் 61,840 ரூபாய் இருக்கிறது. நீங்கள் 48,210 என்கிறீர்கள். மீதி 13,630 எங்கே?" என்று கேட்டார். கூட்டம் அமைதியாகிவிட்டது. டீச்சரின் முகம் வாடிவிட்டது. மறுநாள் இரண்டு புத்தகங்களோடும் என்னிடம் வந்தார். அன்று நாங்கள் செய்ததையே இங்கு எழுதுகிறேன். இதற்கு வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் என்று பெயர்.

நாம் காசோலை எழுதிய நிமிடமே அடிக்கட்டையில் கழித்துவிடுகிறோம். வங்கியோ அந்தக் காசோலை தன்னிடம் வந்து சேரும் நாளில்தான் கழிக்கும். இரண்டும் உண்மையே, நாள்தான் வேறு. ஆகவே முதல் வேலை, இரண்டு புத்தகங்களிலும் உள்ள ஒரே தொகைகளுக்குப் பென்சிலால் டிக் போடுவது. டிக் விழாமல் நிற்பவை மட்டுமே வித்தியாசத்துக்குக் காரணம்.

முதலில் வங்கி அறியாதவை. மார்ச் 28 அன்று மருந்துக் கடைக்குக் கொடுத்த 12,000 ரூபாய் காசோலையையும், ஒரு நோயாளியின் குடும்பத்துக்குக் கொடுத்த 4,500 ரூபாய் காசோலையையும் அவர்கள் இன்னும் வங்கியில் போடவில்லை. மேலும், 31 மாலை டீச்சர் வங்கிப் பெட்டியில் போட்ட 5,000 ரூபாய் காசோலை வரவாகவில்லை. ஏப்ரல் 1 வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு நாள். ஆகவே 61,840-இல் 16,500 கழித்து 5,000 கூட்டினால் 50,340 வருகிறது.

அடுத்து நாம் அறியாதவை. வெளியூர் அன்பர் ஒருவர் சொல்லாமலே நேரடியாக வங்கிக் கணக்கில் 3,000 செலுத்தியிருந்தார். வட்டி 640 சேர்ந்திருந்தது. நன்கொடையாக வந்த 1,500 ரூபாய் காசோலை ஒன்று பணமில்லாமல் திரும்பியது, அதற்காக வங்கி 190 பிடித்துக்கொண்டது. 48,210-இல் 3,640 கூட்டி 1,690 கழித்தால் 50,160.

இன்னும் 180 ரூபாய் உதைத்தது! வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது கணக்கர்கள் அறிந்த அடையாளம். அடிக்கட்டைகளை மறுபடி பார்த்தோம். 1,350 ரூபாய்க்கு எழுதிய காசோலையை அடிக்கட்டையில் 1,530 என்று குறித்திருந்தார். அந்த 180-ஐயும் சேர்த்ததும் இரு பக்கமும் 50,340 ஆயிற்று. டீச்சரின் கண்கள் கலங்கின.

இதில் நம் புத்தகத்தில் எழுதவேண்டியவை இரண்டாவது வகையும் நம் பிழையும் மட்டுமே. முதல் வகைக்குப் புதுப் பதிவு வேண்டாம், நாளடைவில் வங்கியே அவற்றைச் சரிசெய்துவிடும். அப்படிச் சரியாகிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். பட்டியல் சமன்பட்டதாலேயே கணக்கு சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. பணத்தைக் கையாடிய ஒருவரும், "போட்டாயிற்று, வரவாகவில்லை" என்று ஒரு வரி எழுதிச் சமன்படுத்திவிடலாம்.

ஆகவே அடுத்த மாதப் பாஸ் புத்தகத்தில் அந்த வரியைத் தேடுங்கள். சென்னையில் 2011 முதல் காசோலையின் படமே வங்கிகளுக்கிடையே செல்கிறது. 2025 அக்டோபர் 4 முதல் வேலை நாளில் காசோலைகள் வரவர அனுப்பப்படுகின்றன. எனவே போட்ட காசோலை ஓரிரு வேலை நாட்களுக்குப் பின்னும் வரவாகாவிட்டால் உடனே விசாரிக்க வேண்டும். நாம் கொடுத்த காசோலையோ, வாங்கியவர் போடும்வரை காத்திருக்கும். ஆனால் 2012 ஏப்ரல் முதல் காசோலைக்கு ஆயுள் மூன்றே மாதம். மார்ச் 28 தேதியிட்டது அந்த மூன்று மாதத்துக்குள் போடப்படாவிட்டால் செல்லாது. பெற்றவரைத் தேடி விசாரித்து, பழையதை நீக்கிப் புதிது கொடுக்கவேண்டும்.

அந்த நோயாளியின் குடும்பத்தை டீச்சர் அன்றே தேடிப் போனார். அவர்களுக்கு வங்கிக் கணக்கே இல்லை. காசோலை அரிசிப் பானைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. அவர் அதைத் திரும்பப் பெற்று ரத்து செய்து, வங்கியிலிருந்து பணம் எடுத்து, ரசீது வாங்கிக் கொடுத்தார்.

இப்போது அந்த ஐக்கியத்தில் மாதந்தோறும் பட்டியல் தயாரிப்பவர் டீச்சர் அல்ல. கேள்வி கேட்ட அதே சகோதரி. பணம் வாங்குபவர் ஒருவர், ஒப்பிட்டுப் பார்ப்பவர் வேறொருவர் என்றிருப்பது இருவருக்குமே பாதுகாப்பு.