600 எம்பி காலியாக இருந்தும் 200 எம்பி செயலி ஏன் புதுப்பிக்கப்படுவதில்லை?

ஆண்ட்ராய்டு கைபேசியில் 600 எம்பி காலியிடம் தெரிந்தாலும், 200 எம்பி அளவுள்ள செயலியைப் புதுப்பிக்கும்போது 'இடம் போதவில்லை' என்ற அறிவிப்பு வருவது ஏன்?

அறையில் பழைய பீரோவை அப்புறப்படுத்தாமலேயே புதியதை இறக்கிவைத்து, அதன் பூட்டு சரிதானா என்று பார்த்த பிறகே பழையதை வெளியேற்றுவதாக எண்ணிப் பாருங்கள். இரண்டுக்கும் சேர்த்துச் சிறிது நேரம் இடம் வேண்டும். புதுப்பிப்பும் அவ்வாறே நிகழ்கிறது: புதிய கோப்பு முழுவதும் இறங்கி, அதன் கையொப்பம், அதாவது அதை உருவாக்கியவரின் மின்னணு முத்திரை, சரிபார்க்கப்படும் வரை பழைய பதிப்பு அழிக்கப்படுவதில்லை. இடையில் பிழை நேர்ந்தாலும் செயலி இயங்க வேண்டும் என்பதற்கான நல்ல ஏற்பாடு இது.

இதற்கு மேல், கைபேசி தடையின்றி இயங்குவதற்கென ஆண்ட்ராய்டு பொதுவாக மொத்த இடத்தில் 5 விழுக்காட்டையோ 500 எம்பியையோ, எது குறைவோ அதை, ஒதுக்கிவைக்கிறது. 32 ஜிபி கைபேசியில் அது 500 எம்பி; ஆகவே 600 எம்பியில் எஞ்சுவது ஏறத்தாழ 100 எம்பி மட்டுமே.

புதுப்பிப்பு 'Pending' என்று காட்டி நிற்பது வேறு நிலை. வரிசையில் உள்ள பதிவிறக்கங்களில் ஒரு நேரத்தில் சில மட்டுமே நடைபெறுவதால், முன்னே நிற்கும் பெரிய செயலி தேங்கினால் பின்னுள்ளவையும் காத்திருக்கின்றன. வைஃபைக்காகக் காத்திருக்கும்படி அமைத்திருந்தாலும் இதுவே தோன்றும். முன்னுள்ளதை ரத்து செய்தவுடன் அடுத்தது நகர்ந்தால், தடை வரிசையில்தான் இருந்தது என்று அறியலாம்.