7 முதல் 20 வரை லீவ்

திருப்பூரில் ஐம்பது பேர் வேலை பார்க்கும் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். கணக்கு பார்க்கும் பெண் தங்கையின் கல்யாணத்துக்காக நவம்பர் 7 முதல் 20 வரை லீவ் போடுகிறார். அந்த இரண்டு வாரமும் பில் போடும் அக்காதான் அவர் வேலையைப் பார்க்க வேண்டும்.

மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்யும் கம்பெனிக்கு இதைவிட நெருக்கடியான இரண்டு வாரம் கிடையாது. 7-ஆம் தேதி டிடிஎஸ், 11 ஜிஎஸ்டிஆர்-1, 15 பிஎஃப்பும் இஎஸ்ஐயும், 20 ஜிஎஸ்டிஆர்-3பி. லீவில் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த நான்கு வரியை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். அது போதாது. கடைசித் தேதிகள் அக்காவுக்கும் தெரியும். வேலையை எப்போது தொடங்குவது, யாரிடமிருந்து என்ன வர வேண்டும், வராவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவருக்குத் தெரியாது.

டிடிஎஸ்ஸை எடுத்துக்கொள்வோம். தையல், பிரிண்டிங் கான்ட்ராக்டர்களுக்கு அக்டோபர் 10 அன்று பணம் கொடுத்தபோது 40,000 ரூபாய் வரி பிடித்திருக்கிறார்கள். நவம்பர் 7-க்குள் கட்டினால் வட்டி இல்லை. 8-ஆம் தேதி கட்டினால் ஒரு நாள் வட்டியோடு போகாது. பிடித்த தேதியிலிருந்து மாதத்துக்கு ஒன்றரை சதவீதம். மாதத்தில் ஒரு பகுதி என்றாலும் முழு மாதக் கணக்கு. அக்டோபர், நவம்பர் என இரண்டு மாதத்துக்கு மூன்று சதவீதம், 1,200 ரூபாய். அதனால் இந்த வேலையைக் குறிப்பிலேயே சேர்க்கக் கூடாது. 6-ஆம் தேதியே கட்டி முடித்து, சலானை ஃபைலில் வைத்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும்.

ஜிஎஸ்டிஆர்-1 தாமதமானால் அடி வாங்குவது துணி வாங்கிய வியாபாரி. 11-ஆம் தேதிக்குள் ஏறிய பில்கள்தான் 14-ஆம் தேதி உருவாகும் அவருடைய 2பி பட்டியலில் தெரியும். தவறினால் அவருக்கு வரி வரவு ஒரு மாதம் தள்ளிப்போகும், போன் அக்காவுக்கு வரும். ஆகவே குறிப்பு இப்படி இருக்கலாம்:

“அக்கா, 9-ஆம் தேதி காலையிலேயே ஜிஎஸ்டிஆர்-1 ஆரம்பிச்சிடுங்க. ஈரோடு பார்ட்டி திருப்பி அனுப்பின சரக்குக்குக் கிரெடிட் நோட் இன்னும் போடலை. சரக்கு குடோன்ல இருக்கு, எண்ணிப் பார்த்துட்டுப் போடுங்க. ஓடிபி முதலாளி போனுக்குத்தான் வரும். 10-ஆம் தேதி அவர் மதியம் வரைக்கும் ஆபீஸ்ல இருப்பார், அப்பவே வாங்கிடுங்க. தாக்கல் ஆனதும் வர்ற ஏஆர்என் நம்பரை இந்தத் தாள்லயே எழுதி வைங்க.”

பிஎஃப்பில் சிக்கல் வேறு மாதிரி. சம்பளப் பட்டியலிலிருந்து இசிஆர் ஃபைல் தயாரித்து ஏற்றினால் சலான் வந்துவிடும். ஆனால் புதிதாகச் சேர்ந்தவருக்கு யுஏஎன் இல்லையென்றால் அவரை அந்த ஃபைலில் சேர்க்க முடியாது. அப்படி யாரும் இருந்தால் பெயரோடு குறிப்பில் வர வேண்டும். அடுத்தது பேங்க். நெட்பேங்கிங்கில் ஒருவர் பதிவு செய்து இன்னொருவர் அப்ரூவ் செய்யும் கணக்காக இருந்தால், அக்கா பதிவு செய்ததோடு பணம் போய்விடாது. முதலாளி அப்ரூவ் செய்ய வேண்டும். ‘கட்டியாச்சு’ என்று நினைத்து விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். பேங்க் கணக்கில் பணம் கழிந்ததா என்று பார்ப்பதையும் ஒரு வேலையாக எழுத வேண்டும்.

15 ஞாயிறாக வந்தால் 13 வெள்ளிக்குள் கட்டச் சொல்லுங்கள். தொழிலாளியிடம் பிடித்த பிஎஃப் பங்கை நாள் தவறிக் கட்டினால், வருமான வரிக் கணக்கில் அந்தத் தொகையைச் செலவாகக் கழிக்க முடியாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

3பி-யில் அக்கா ஒரு முடிவு எடுக்க வேண்டிவரும். 14-ஆம் தேதி நம்முடைய 2பி வரும்போது ஏதாவது ஒரு சாயப்பட்டறை பில் விடுபட்டிருக்கும். பில் கையில் இருக்கிறதே என்று வரவு எடுத்துவிடத் தோன்றும். “2பி-ல வராத பில்லுக்கு வரவு எடுக்க வேண்டாம். பட்டறைக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க, அடுத்த மாசம் நான் பார்த்துக்கறேன்” என்று எழுதிவிட்டால், 20-ஆம் தேதி சாயங்காலம் மண்டபத்துக்குப் போன் வராது. வரியைப் பேங்கிலிருந்து கட்டிப் பணம் ரொக்க லெட்ஜரில் ஏற நேரம் பிடிப்பதால், இதற்கு 18-ஆம் தேதியே சலான் போடச் சொல்வது நல்லது.

பாஸ்வேர்டைத் தாளில் எழுத வேண்டாம். முதலாளியிடம் கொடுத்து வையுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அக்காவை உட்காரவைத்து, குறிப்பை மட்டும் பார்த்துப் போன மாத பிஎஃப் சலானை எடுக்கச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ, அங்கே இன்னும் ஒரு வரி எழுதுங்கள்.